தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனி, நடுவில் ஒரு 15 லட்சம்: ஒருங்கிணைந்த லாப நட்டக் கணக்கு – கேள்வி பதில்

சிஏ படிக்கும் மாணவி: சார், தாய்க் கம்பெனி விற்பனை 2000 லட்சம், துணைக் கம்பெனி விற்பனை 1000 லட்சம். கூட்டினால் 3000. விடையில் 2750 போட்டிருக்கிறார்கள். மீதி 250 எங்கே போனது? நம்மிடம் 80% பங்குதானே இருக்கிறது, 200 மட்டும் கழித்தால் போதாதா?

அந்த 250 லட்சம், துணைக் கம்பெனி தாய்க் கம்பெனிக்கே விற்ற சரக்கு. குழுமத்துக்கு வெளியே உள்ளவர் வாங்கினால்தான் இந்த அறிக்கையில் அது விற்பனை. ஆகவே விற்பனையில் 250 கழியும். அதே 250 தாய்க் கம்பெனியின் கொள்முதலாகவும் ஏறியிருக்கும், அதனால் விற்ற சரக்கின் அடக்கத்திலும் 250 கழியும். இரண்டு பக்கமும் ஒரே தொகை போவதால், இந்த ஒரு பதிவால் லாபம் மாறாது.

80% கணக்கு இங்கே வரவே கூடாது. கட்டுப்பாடு நம் கையில் இருப்பதால் துணைக் கம்பெனியின் 1000 லட்சத்தையும் முழுசாகச் சேர்த்தோம். சேர்த்தது முழுசு என்றால் நீக்குவதும் முழுசு. வெளியாருடைய 20% கடைசி வரியில் தனியாக வரும், அதற்கு முன்னால் எந்த வரியிலும் அதைத் தொடாதீர்கள்.

ஒரு நிறுவனத்தின் கணக்காளர்: அதே கணக்கைத்தான் நானும் போட்டேன். 200க்கு அடக்கமான சரக்கை 250க்கு விற்றிருக்கிறார்கள், அதாவது 25% லாபம். ஆண்டு முடிவில் தாய்க் கம்பெனி கிடங்கில் 75 லட்சம் சரக்கு மிச்சம். 75க்கு 25% போட்டால் 18.75. அதில் நம் பங்கு 80%, ஆக 15. விடையும் 15தான். சரிதானே?

மிச்சச் சரக்கில் லாபத்தைத் தேடினீர்களே, அது சரி. விடையும் சரி. ஆனால் வழியில் இரண்டு தப்பு இருக்கிறது, அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் தெரியாமல் போயிற்று.

25% என்பது அடக்கத்தின் மேல். கிடங்கில் இருக்கும் 75 விற்பனை விலை. விலையின் மேல் பார்த்தால் 250க்கு 50, அதாவது 20%. எனவே 75 × 25/125 = 15. அவ்வளவுதான், அதற்கு மேல் 80%ஆல் பெருக்க வேண்டியதில்லை. 125இல் 25ஐ எடுப்பதும், 25%ஐ 80%ஆல் பெருக்குவதும் தற்செயலாக ஒரே எண்ணைத் தருகின்றன. உங்களிடம் 70% பங்கு இருப்பதாக வைத்துப் போட்டுப் பாருங்கள்: உங்கள் வழியில் 13.125 வரும். சரியான விடை அப்போதும் 15தான். கிடங்கில் இருக்கும் சரக்கின் அடக்கம், நாம் எவ்வளவு பங்கு வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுமா?

இந்த 15ஐ விற்ற சரக்கின் அடக்கத்தில் கூட்ட வேண்டும். தாய்க் கம்பெனியின் அடக்கம் 1300, துணைக் கம்பெனியின் அடக்கம் 600. கூட்டி, 250 கழித்து, 15 சேர்த்தால் 1665.

மாணவி: துணைக் கம்பெனி 100 லட்சம் டிவிடெண்ட் கொடுத்தது. தாய்க்கு வந்த 80ஐ நீக்கிவிட்டேன். வெளியாருக்குப் போன 20ஐச் செலவாகக் காட்டலாமா?

வேண்டாம். அது லாபத்தைப் பங்கிட்டது, செலவு அல்ல. ஒருங்கிணைந்த அறிக்கையில் அந்த 20, பங்கு மூலதன மாற்ற அறிக்கையில் வெளியார் பங்கின் இருப்பைக் குறைக்கும்.

80ஐ நீக்குவதற்குக் காரணம், துணைக் கம்பெனியின் லாபம் முழுவதையும் வரிக்கு வரி ஏற்கெனவே சேர்த்துவிட்டோம். அதிலிருந்து வந்த டிவிடெண்டை ‘இதர வருமானம்’ வரியில் விட்டுவைத்தால் ஒரே லாபம் இரண்டு முறை வரும். நான் பார்க்கும் விடைத்தாள்களில் விற்பனையை நீக்க யாரும் மறப்பதில்லை, இதைத்தான் மறக்கிறார்கள்.

மாணவி: அப்புறம் வெளியார் பங்கு? துணைக் கம்பெனியின் நிகர லாபம் 200 லட்சத்தில் 20%, ஆக 40 என்று போட்டேன். விடை 37.

முழுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். விற்பனை 2750, அடக்கம் 1665, மொத்த லாபம் 1085. மற்ற செலவுகள் 300ம் 150ம் சேர்த்து 450. வரி 100ம் 50ம் சேர்த்து 150. நிகர லாபம் 485.

விற்றது துணைக் கம்பெனி. கைக்கு வராத அந்த 15 லட்சம் லாபம் அதன் 200க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் 185, அதில் 20% 37. மீதி 448 தாய்க் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு. இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு: தாயின் தனி லாபம் 380, அதில் டிவிடெண்ட் 80 போனால் 300. துணையின் 185இல் 80% 148. கூட்டினால் 448. இரண்டு வழியும் ஒத்துப்போகாவிட்டால், பெரும்பாலும் டிவிடெண்டிலோ இந்த 15லோதான் பிழை இருக்கும்.

தாய் விற்று, சரக்கு துணையிடம் மிச்சம் இருந்தால் கதை வேறு. அப்போது 15 முழுவதும் தாயின் தலையில், வெளியார் பங்கு 40ஆகவே நிற்கும்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்: இந்திய கணக்கியல் தரநிலை 110இல் முழுசாக நீக்கு என்றுதான் இருக்கிறது. விற்றவர் யார் என்று பார்த்துப் பிரி என்று எங்கே சொல்கிறது?

சொல்லவில்லை, ஐயா. பி86 பத்தி நீக்கச் சொல்கிறது, யார் தலையில் எவ்வளவு என்பதை விட்டுவிடுகிறது. அமெரிக்க விதிகளில் பிரித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டும் உண்டு. பாடப்புத்தகங்களும் தேர்வுகளும் விற்றவரைப் பார்க்கின்றன, லாபம் யார் கணக்கில் ஏறியதோ அங்கேயே குறைவதால் எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. நடைமுறையில் எந்த முறையை எடுத்தாலும் வருடா வருடம் அதையே பின்பற்ற வேண்டும்.

ஆடிட்டர்: வரியை விட்டுவிட்டீர்களே. 15க்கு ஒத்திவைத்த வரி?

கணக்கை எளிதாக்க விட்டேன். தரநிலை 12இன்படி சேர்க்க வேண்டியதுதான். 25% வைத்தால் 3.75 லட்சம். நிகர லாபம் 488.75 ஆகும், வெளியார் பங்கு 37.75 ஆகும். வரி விகிதம் வாங்கியவருடையது, ஏனென்றால் சரக்கு இப்போது அவர் புத்தகத்தில் இருக்கிறது.

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து: எங்கள் டேலியில் விற்பனை 250, வாங்கியவர் பக்கம் 240தான். எதை நீக்குவது?

முதலில் மார்ச் 30, 31 தேதி பில்களைப் பாருங்கள். லாரி கிளம்பியிருக்கும், அங்கே இறங்கியிருக்காது. 240ஐ நீக்கினால் விற்பனையில் 10 லட்சம் மிச்சம் நின்றுவிடும். வாங்கியவர் பக்கம் வழியில் உள்ள சரக்காக 10ஐக் கொள்முதலிலும் சரக்கிருப்பிலும் ஏற்றிவிட்டு, அப்புறம் 250ஐ நீக்குங்கள். அந்த 10இலும் லாபம் இருக்கிறது, 20% என்றால் 2 லட்சம், அதையும் சேர்த்து நீக்க வேண்டும். இன்னொன்று, ஒருவர் ஜிஎஸ்டி சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் பட்டியல் எடுத்தாலும் வித்தியாசம் வரும். அது 18% அல்லது 5% போன்ற விகிதத்திலேயே வருவதால் பார்த்ததும் பிடிபடும்.

புதியவர்: எங்களுக்கு ஒரு கம்பெனியில் 30% பங்கு. அவர்களுக்கு விற்றதையும் இப்படியே நீக்கணுமா?

அது இணை நிறுவனம், வேறு கணக்கு. அவர்கள் விற்பனையை உங்களோடு சேர்ப்பதே இல்லை, ஆகவே நீக்கவும் ஒன்றுமில்லை. மிச்சச் சரக்கின் லாபத்தில் உங்கள் 30% மட்டும் சரிக்கட்ட வேண்டும். விரிவாக வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்.

மாணவி: கடைசியாக ஒன்று. அந்த 15 லட்சம் அப்படியே போய்விடுமா?

போகாது. அடுத்த ஆண்டு அந்தச் சரக்கு வெளியே விற்றதும் அடக்கத்தில் 15 குறையும், லாபம் 15 கூடும். துணைக் கம்பெனியின் லாபத்தில் அந்த 15ஐக் கூட்டித்தான் 20% எடுக்க வேண்டும், எனவே வெளியாருக்கு இந்த ஆண்டு குறைந்த 3 லட்சம் அப்போது திரும்பி வரும். ஒருங்கிணைப்புப் பதிவுகள் எந்தக் கம்பெனியின் புத்தகத்திலும் ஏறுவதில்லை என்பதால், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் போன ஆண்டின் தாளை எடுத்து இந்த 15ஐ நீங்களேதான் மறுபடி போட வேண்டும்.