காலாண்டுத் தொடக்கக் கூட்டத்தில் விற்பனை ஆட்களிடம் என்ன சொல்ல வேண்டும்?

"அக்டோபர் முதல் புதுக் காலாண்டு. கடைகளுக்குச் சரக்குப் போடும் ஆறு பேர் என்னிடம் இருக்கிறார்கள். டார்கெட் சொன்னதும் முகம் வாடிவிடுகிறது. எப்படிப் பேசுவது?"

மொத்தத் தொகையை மட்டும் சொல்லாதீர்கள், அதை ஒரு நாள் வேலையாக உடைத்துக் காட்டுங்கள். ஒருவருக்கு 18 லட்சம் என்று வைப்போம். தீபாவளி அக்டோபரில் வந்தால் அந்த மாதம் 7 லட்சம், மற்ற இரண்டும் ஐந்தரை. 25 வேலை நாளுக்கு 7 லட்சம் என்றால் தினம் 28,000. நாளுக்கு 40 கடை போகிறவர் 28 கடையில் சராசரி 1,000 ரூபாய்க்கு பில் போட வேண்டும். அவருடைய பழைய சராசரி 800 என்றால், ஒவ்வொரு பில்லிலும் இன்னொரு பொருளைச் சேர்ப்பதா, அல்லது 35 கடையில் பில் போடுவதா என்று அவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

ஊக்கத்தொகையை ரூபாயில் சொல்லுங்கள்: 90 சதவீதத்துக்கு 3,000, நூறுக்கு 6,000, 110க்கு 9,000. விற்பனைத் தொகைக்கு மட்டும் கொடுத்தால் மாதக் கடைசியில் தெரிந்த நாலு கடையில் சரக்கைத் திணிப்பார்கள், அடுத்த மாதம் அது திரும்பி வரும். கடைசி ஐந்து நாளில் பாதி விற்பனை நடந்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஆகவே திரும்பிய சரக்கைக் கழித்துக் கணக்கிடுங்கள், பில் போட்ட கடைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

உங்கள் தரப்பு உதவிக்கும் தேதி வேண்டும். சேதச் சரக்குக்கான கிரெடிட் நோட் பத்து நாளில், வேகமாக ஓடும் பொருட்களுக்கு இரண்டு வார இருப்பு, யார் பொறுப்பு என்ற பெயர். நீங்கள் தர வேண்டிய பழைய பாக்கி தீராத கடைக்காரர் புது ஆர்டர் தரமாட்டார், அந்தப் பாக்கிப் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.