தலைவிளக்கு செல் 1.6 வோல்ட் வரை இறங்கியது ஏன்?

கேள்வி: ரப்பர் பால் வெட்டப் போகும்போது தலையில் கட்டும் லைட்டுக்கு 18650 செல்லும் TP4056 போர்டும் போட்டேன். பாதுகாப்பு உள்ள போர்டுதான். ஆனாலும் செல் 1.6 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. மறுபடி சார்ஜ் ஏற்றலாமா? குலசேகரம்.

பதில்: ஏற்ற வேண்டாம். இவ்வளவு இறங்கிய செல்லுக்குள் தாமிரத் தகடு கரைந்திருக்கலாம். சார்ஜ் ஏறும்போது அந்தத் தாமிரம் வேறிடத்தில் படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகும். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவில் சேருங்கள்.

லைட்டின் கறுப்பு ஒயரை B- புள்ளியில் பற்றவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். B+, OUT+ இரண்டும் போர்டில் ஒன்றுதான். துண்டிக்கும் மாஸ்பெட் B-க்கும் OUT-க்கும் நடுவில் இருக்கிறது. B-இல் இணைத்தால் மின்சாரம் அதைத் தொடாமலே போய்விடும். கறுப்பு ஒயரை OUT-க்கு மாற்றுங்கள். OUT புள்ளிகளே இல்லாத போர்டு என்றால் அதில் பாதுகாப்பே கிடையாது.

புதுச் செல் போட்டதும் ஒரு முறை லைட் தானாக அணையும்வரை எரியவிட்டு, பக்கத்திலேயே இருந்து மீட்டரால் பாருங்கள். OUT+, OUT- இடையே பூஜ்யத்துக்குப் பக்கத்திலும், B+, B- இடையே ஏறத்தாழ 2.5 வோல்ட்டும் காட்டினால் இணைப்பு சரி.

இந்த 2.5 கடைசித் தடுப்பு மட்டுமே. தினமும் அதுவரை இறக்கினால் செல்லின் ஆயுள் குறையும். வெளிச்சம் மங்கத் தொடங்கியதுமே அணைத்துவிடுங்கள். சார்ஜ் ஏறும்போதும் லைட் அணைந்தே இருக்கட்டும். எரிந்தால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையாது, சார்ஜரும் நிற்காது.