பின்னட்டைக் குறிப்பு: கேள்வி பதில்

மேடம், பதிப்பகத்துக்குக் கொடுத்த கதைச்சுருக்கம் 900 சொல். பின்னட்டைக்கு எவ்வளவு வேண்டும்? கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா?

120 சொல்லுக்குள் முடித்தால் நல்லது. 150ஐத் தாண்டினால் எழுத்து பொடியாகும். விலைக்கும் பட்டைக்கோட்டுக்கும் கீழே இடம் விடவேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கடைசிப் பத்தியை எடுப்பது பாதிதான் சரி. கதைச்சுருக்கம், கதை எங்கே போய் முடிகிறது என்று ஆசிரியர் குழுவுக்குக் காட்ட எழுதியது. அதனால் ஒவ்வொரு வரியும் முடிவைப் பார்த்தே நடக்கும். வாலை வெட்டினாலும் உடம்பு அந்தப் பக்கமே திரும்பியிருக்கும்.

அக்கா, என் நாவலில் மாலா நீதிமன்றத் தட்டச்சர். ஒரு கொலை வழக்கின் வாக்குமூலத்தில், 12 ஆண்டுக்கு முன் காணாமல்போன தம்பியின் பெயரைப் பார்க்கிறாள். அந்தத் தாளை ஒளித்துவைத்து, தெரிந்த வக்கீல் ஒருவரோடு அவனைத் தேடுகிறாள். தம்பியை அன்று விரட்டியதே அந்த வக்கீல்தான். முடிவில் தம்பிதான் கொலையாளி. மாலா தாளை எரிக்கிறாள். பின்னட்டைக்கு நான் எழுதிய கடைசி வரி: "அவள் நம்பிய ஒருவரே அவளுக்கு எதிராக நின்றால்?" சரியா?

சரியில்லை. உங்கள் குறிப்பில் மாலா, தம்பி, வக்கீல் என்று மூன்றே பேர். தம்பியைக் காணோம். "நம்பிய ஒருவர்" என்றால் மிச்சம் யார்? முடிவைச் சொல்லாமலே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். பின்னட்டையில் ஆள் குறைவு, அதனால் பூடகமாகப் பேசினாலும் விரல் ஒருவரைத்தான் சுட்டும்.

வக்கீலையே எடுத்துவிடுங்கள். கதையை எங்கே நிறுத்துவது? மாலா தாளை ஒளிக்கும் இடத்தில். அதுவரை அவளுக்கு எல்லாம் தானாக நடந்தது. அங்கேதான் முதல்முறையாக ஒரு தப்பைத் தெரிந்தே செய்கிறாள். அதற்குப் பிறகு திரும்பமுடியாது. நான் இப்படி எழுதுவேன்:

*வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்வது மாலாவின் வேலை. யார் சொன்னது, என்ன சொன்னது என்று மனதில் வாங்காமலே அடித்துப் பழகிவிட்டாள். ஒருநாள் ஒரு கொலை வழக்கில் தம்பியின் பெயர் வருகிறது. 12 ஆண்டுகளுக்கு முன் காணாமல்போனவன். வாக்குமூலத்தின் தேதி, போன மாதம். அன்று மாலை கட்டிய கோப்பில் ஒரு தாள் குறைகிறது.*

கேள்விக்குறியே இல்லை, கவனித்தீர்களா? "கொலை வழக்கில்" என்று மட்டும் வைத்தேன். அவன் சாட்சியா, குற்றவாளியா என்று நான் சொல்லவில்லை. வாசகர் தானே கேட்டுக்கொள்வார்.

முடிவைக் கொஞ்சமாகக் கோடி காட்டலாமா?

மேலே படியுங்கள்.

என்னுடையது கவிதைத் தொகுப்பு. பின்னட்டையில் என் விருதுகளைப் போடலாமா?

அது ஆசிரியர் குறிப்பு, வேறு சங்கதி. பதிப்பாளரிடம் கேளுங்கள்.

மேடம், நல்ல நாவலை முடிவு தெரிந்தும் படிப்பார்கள். மர்மக்கதைக்குத்தானே இந்தக் கவலை எல்லாம்?

படிப்பார்கள்தான். அது இரண்டாம் வாசிப்பு. முதல் வாசிப்பை வாசகரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை. முதல் பக்கத்திலேயே "அப்பா இறந்துபோனார்" என்று நாவல் தொடங்கினால் அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். முதல் கால்பாகத்துக்குள் வாசகருக்குத் தெரிவதெல்லாம் பின்னட்டைக்கு வரலாம் என்பது என் கணக்கு.

அந்தக் கால்பாகக் கணக்கை ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் பதிப்பித்த ஒரு குடும்ப நாவலில் நடுவில்தான் கதையே புரள்கிறது. அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் குடும்பக் கதை என்று வாசகர் கீழே வைத்துவிடுவார்.

நியாயமான பேச்சு. ஆனால் நடுவில் புரள்வதைப் பின்னட்டையில் சொன்னால், முன்பாதி முழுவதும் வாசகர் அதற்காகவே காத்திருப்பார். ஆசிரியர் பொறுமையாகக் கட்டியது அவர் கண்ணில் படாது. அந்தப் புரளலை முன்கூட்டியே மணக்கவைக்கும் சின்னப் பொருள் ஏதாவது முதல் அத்தியாயங்களில் இருக்கும், பூட்டிய அறையோ, யாரும் பேசாத ஒரு பெயரோ. அதைப் போட்டுப் பாருங்கள்.

அப்படி எதுவும் இல்லை, மேடம். தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அப்படியென்றால் விற்கவேண்டியவர் நீங்கள், எழுதியவர் அவர். இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். நான் எழுதியவர் பக்கம்.

அக்கா, "மனதை உலுக்கும் விறுவிறுப்பான நாவல்" என்று தொடங்கலாமா?

வேண்டாம். உலுக்குகிறதா என்று படித்தவர் சொல்லட்டும்.

கடைசியில் இரண்டு மூன்று கேள்விகள் வைத்தால் ஆவல் கூடுமே?

மாலாவின் குறிப்பை இன்னொரு முறை படியுங்கள்.

முடிவை லேசாக...

வக்கீல்!