ஜப்பானிய மொழிப் பயிற்சி: கோடிட்ட இடத்தில் ‘தே’யா, ‘மஷித்தா’வா?

“எழுந்து, காபி குடித்து, ஆபீஸ் போனேன் – மூன்று இடத்திலும் ‘மஷித்தா’ போட்டேன். ஏன் தப்பு?”

இறந்தகாலமும் மரியாதையும் காட்டும் ‘மஷித்தா’ கடைசி வினையில் மட்டும் வந்தால் போதும். முன்னால் வருபவை காலம் காட்டாத தே-வடிவம். நம் ‘எழுந்து, குடித்து’ போலத்தான்.

கினோ ரொக்குஜி நி (ஒக்கிரு) ___, கோஹீ ஓ (நொமு) ___, கைஷா எ (இக்கு) ___.

விடை: ஒக்கித்தே, நொந்தே, இக்கிமஷித்தா.

‘ஒக்கிரு’வில் ‘ரு’ போய் ‘தே’ வரும். ‘மு’வில் முடியும் நொமு ‘ந்தே’ ஆகும். பலர் ‘நொமித்தே’ என்று எழுதிவிடுகிறார்கள்.

‘இக்கு’ நடுவில் வந்தால்தான் சிக்கல். ‘கக்கு’ (எழுது) ‘கயித்தே’ ஆகிறது. அதே ‘கு’வில் முடிந்தாலும் இக்கு மட்டும் ‘இத்தே’. இதைத் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். வாக்கியத்தில் ‘கினோ’வை, அதாவது ‘நேற்று’ என்பதை, ‘நாளை’ என்று மாற்றிப் பாருங்கள்: கடைசி வினை மட்டும் ‘இக்கிமஸ்’ ஆகும், தே-வடிவங்கள் அப்படியே நிற்கும்.