ஏழாம் மாடிக்குப் போக ஒரு ஏணி

கேள்வி: அக்கா, எனக்கு 52 வயசு, இடம் உப்புவெளி. மூண்டு வருசத்துக்கு முதல் கரண்ட் போய் லிப்டுக்குள்ள மாட்டுப்பட்டனான். இப்ப லிப்ட் எண்டாலே நெஞ்சு படபடக்குது, மூச்சு நிண்டிடும் போல கிடக்கு. மகள் என்னோட இருக்கிறா, மகன் வெள்ளவத்தையில ஏழாம் மாடியில இருக்கிறான், முழங்கால் நோவோட படியிலதான் ஏறுறன். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, நீங்க படியால போற ஒவ்வொரு தடவையும் மனசு "லிப்டில ஏறாததாலதான் தப்பினன்" எண்டு கணக்கு எழுதி வைக்குது, அதாலதான் மூண்டு வருசமாகியும் பயம் குறையேல்ல. முதல்ல டொக்டரிட்ட ஒருக்கா நெஞ்சைக் காட்டுங்க, இந்த வயசில படபடப்பெல்லாம் பயம்தான் எண்டு நாங்களா முடிவு கட்டக் கூடாது.

பிறகு ஒரு கொப்பியில ஏணி கீறுங்க. பயத்துக்கு 0 இலிருந்து 100 வரைக்கும் புள்ளி. தள்ளி நிண்டு லிப்ட் கதவு திறந்து மூடுறதைப் பாக்கிறது 20 எண்டு வைப்பம், மகள் பட்டனை அமத்திப் பிடிக்க திறந்த கதவோட உள்ள நிக்கிறது 40, அவவோட ஒரு மாடி 60, தனிய ஒரு மாடி 80, மகன்ட ஏழாம் மாடி 100. புள்ளி உங்கட, நான் சொன்னது உதாரணம்தான். இதுக்குத் திருமலையில உயரமான கட்டடம் தேடி அலைய வேண்டாம், மூண்டு மாடிக் கடையில உள்ள லிப்டே காணும், சனம் குறைஞ்ச காலமை நேரமாப் போய் செக்கியூரிட்டித் தம்பியிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க.

கனபேர் பிழைக்கிற இடம் அந்த 60தான். ஒரு மாடி ஏற எவ்வளவு, பத்துப் பதினைஞ்சு செக்கன், பயம் உச்சிக்கு ஏறுற நேரம் கதவு திறக்குது, "அப்பாடா" எண்டு வெளிய பாய்ஞ்சிடுவீங்க, மனசு திரும்பவும் தப்பினன் எண்டே எழுதும். அதால இறங்காம மேலயும் கீழயுமா எட்டுப் பத்துத் தரம் போய் வாங்க. ஏற முதல் கொப்பியில "கதவு மூடினா மூச்சு நிண்டிடும்" எண்டு எழுதுங்க, இறங்கினாப் பிறகு நிண்டதோ எண்டு பக்கத்தில எழுதுங்க. லிப்ட் பெட்டி காத்துப் புகாத டப்பா இல்ல, காத்து வர வழி விட்டுத்தான் செய்யிறவங்க, மூச்சு முட்டுற மாதிரி வாறது பயத்தில வேகமா இழுக்கிறதால.

கண்ணை மூடுறது, மகள்ட கையை இறுக்கிப் பிடிக்கிறது, போனில கதைச்சுக்கொண்டே போறது, இதெல்லாம் கள்ள வேலை, பிறகு அந்தக் கை இருந்ததாலதான் தப்பினன் எண்டு வரும் (நானும் ஒருகாலம் தண்ணிப் போத்தல் இல்லாம லிப்டில கால் வைக்க மாட்டன்). பயத்துக்கெண்டு குளிசை போட்டுட்டுப் பழகினாலும் இதே கதைதான், ஆனா டொக்டர் தினமும் குடிக்கத் தந்ததை நீங்களா நிப்பாட்ட வேண்டாம்.

திரும்பக் கரண்ட் போனா? கதவை நெம்பாதீங்க, மணி அடையாளம் போட்ட பட்டனை அமத்திட்டு நில்லுங்க.

வெள்ளவத்தைக்குப் போற அண்டைக்கு 100 திரும்பவும் 100ஆவே நிண்டா திகைக்காதீங்க, அது புது லிப்ட். மூண்டு படி இறங்கி, அங்கயும் திறந்த கதவோட நிக்கிறதில இருந்து தொடங்குங்க.