கீழக்கரை டு ராமநாதபுரம்: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கட்டுப்படியாகுமா?

கேள்வி: சார், வீடு கீழக்கரையில், வேலை ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில். கடைகண்ணிக்குப் போவதையும் சேர்த்தால் தினம் 36 கிலோமீட்டர் ஆகிறது. பெட்ரோல் ஸ்கூட்டர் ஆன்ரோடு ஒரு லட்சம், 3 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள எலெக்ட்ரிக் 1,28,000 என்கிறார்கள். கையில் 60,000 இருக்கிறது, மீதிக்கு லோன்தான். வீட்டில் ஏசி ஓடுவதால் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் வருகிறது. எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் தூரத்துக்கு எலெக்ட்ரிக் எடுக்கலாம். ஆனால் கரண்ட் செலவை ஷோரூமில் சொல்லும் கணக்கில் பார்க்காதீர்கள். கிலோமீட்டருக்குக் கால் ரூபாய் என்பது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

மாதம் 26 நாள் என்றால் சுமார் 940 கிலோமீட்டர் ஓடுவீர்கள். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 102 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,100 ரூபாய் பங்க்குக்குப் போகும். எலெக்ட்ரிக்கில், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 25 கிலோமீட்டர் என்று கொஞ்சம் கையை இறுக்கியே போடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 75 யூனிட் வரும்.

இங்கேதான் விஷயம். உங்கள் 450 யூனிட்டோடு இந்த 75 சேர்ந்தால் 525 ஆகிவிடும். நம் மாநிலத்து வீட்டுக் கட்டணத்தில் 500 என்பது ஒரு வேலி மாதிரி. அதைத் தாண்டினால் கூடுதலாகப் போன 25 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்துவந்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். 2024 ஜூலை கட்டணப்படி போட்டால் 450 யூனிட்டுக்குச் சுமார் 1,490 ரூபாய், 525 யூனிட்டுக்குச் சுமார் 2,250. ஆக, ஸ்கூட்டருக்கான 75 யூனிட் உங்களுக்கு 760 ரூபாய், அதாவது யூனிட் பத்து ரூபாய். இதே வண்டியை 300 யூனிட் ஓடும் பக்கத்து வீட்டில் சார்ஜ் போட்டால் 350 ரூபாய்தான் கூடும். கடையில் சார்ஜ் போட்டுக்கொள்ள முதலாளி சம்மதித்தால், வாரத்தில் இரண்டு நாள் போட்டாலே பெரும்பாலும் 500-க்குள் நின்றுவிடலாம்.

சரி, அந்தப் பத்து ரூபாய்க் கணக்கிலேயே பார்த்தாலும் மாதம் 380 ரூபாய்தான். பெட்ரோலோடு ஒப்பிட்டால் 1,720 மிச்சம். கூடுதலாக வாங்கும் 28,000 ரூபாய்க் கடனுக்கு, குறையும் நிலுவைக்கு 12% வட்டி, 24 மாதம் என்றால் தவணை சுமார் 1,320. பெட்ரோலில் மிச்சமாகும் காசே தவணையைக் கட்டிவிடுகிறது. டவுனுக்குள்ளேயே தினம் எட்டு கிலோமீட்டர் ஓட்டும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பெட்ரோலே எடுங்கள் என்றிருப்பேன். அவருக்கு மாதம் 400 ரூபாய்கூட மிஞ்சாது.

கடனில் ஒன்றைக் கவனியுங்கள். ஷோரூமில் "12 சதவீதம்தான்" என்பார்கள். அது பெரும்பாலும் ஃப்ளாட் வட்டி. கடைசித் தவணை வரைக்கும் முழு 28,000-க்கும் வட்டி போடுவதால் உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல் வரும், தவணையும் 1,450-ஐத் தொடும். சம்பளம் போடும் வங்கியில் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஷோரூமுக்குப் போங்கள்.

பேட்டரிதான் பெரிய செலவு. நீங்கள் வருடத்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவீர்கள். மூன்று வருட வாரண்டி முடிந்து பேட்டரி போனால் இத்தனை நாள் சேர்ந்த மிச்சமெல்லாம் அதற்கே போய்விடும். நீட்டித்த வாரண்டிக்குத் தனியாகப் பணம் கேட்டாலும் எடுத்துவிடுங்கள். எடுக்குமுன் விலக்குப் பகுதியைப் படியுங்கள்: துரு, தண்ணீர் புகுந்தது என்றால் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கலாம். உப்புக்காற்றில் சார்ஜிங் முனையில் பச்சைக் களிம்பு பூப்பது நம் கடற்கரையில் சகஜம். இரவில் கூரையடியில் நிறுத்துங்கள், முனையின் மூடியைத் திறந்து போடாதீர்கள், சர்வீசுக்கு விடும்போதெல்லாம் கனெக்டர்களைச் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். பின்னால் வாரண்டி கேட்கும்போது அந்தக் காகிதம் பேசும்.

காசைக் குறைக்க 2 கிலோவாட் ஹவர் மாடலுக்கு இறங்க வேண்டாம். ஆடிக் காற்று எதிர்த்து அடிக்கும்போது ரேஞ்ச் குறையும். பேட்டரி பழசாகும்போது இன்னும் குறையும்.

பழைய எலெக்ட்ரிக் வண்டிக்கு இன்ன விலை என்று சந்தை இன்னும் படியவில்லை. அதனால் மறுவிற்பனையாக நான் எதையும் கணக்கில் சேர்க்கவில்லை.

அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் எர்த் சரியாக உள்ள பிளக் பாயின்ட் போட வீட்டுக்காரர் விடுவாரா? பேட்டரியில் கோளாறு வந்தால் ராமநாதபுரத்திலேயே பார்ப்பார்களா, மதுரைக்கு அனுப்புவார்களா? மதுரை என்றால் வண்டி வாரக்கணக்கில் அங்கே கிடக்கலாம். நீங்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். இரண்டில் ஒன்றுக்குச் சாதகமான பதில் வராவிட்டாலும் பெட்ரோல் ஸ்கூட்டரையே எடுத்துவிடுங்கள்.