லெசன் ஸ்டடி: ஆறாம் வகுப்புப் பின்னத்தில் நாங்கள் நான்கு பேர் செய்த ஒரு சுற்று

கேள்வி: லெசன் ஸ்டடி என்று பயிற்சியில் சொல்கிறார்கள். நாலைந்து ஆசிரியர்களாகச் சேர்ந்து உண்மையிலேயே ஒரு சுற்று முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னதான் நடக்கும்?

நாங்கள் நான்கு பேர், எல்லாரும் கணக்கு எடுப்பவர்கள், போன வருடம் ஒரு சுற்று முடித்தோம். ஜப்பானில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிற பழக்கம் இது, அங்கே ஜுக்யோ கென்க்யூ என்பார்கள். ஒரே ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்து, அன்றைக்கே பேசி, திருத்தி, வேறு பிரிவில் மறுபடி நடத்துவது. பார்க்கப்போவது ஆசிரியரை அல்ல, பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பதை.

நாங்கள் எடுத்தது ஆறாம் வகுப்பு, பின்னங்களை ஒப்பிடுதல். திட்டமிட மட்டும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரமாக நான்கு முறை உட்கார்ந்தோம். அதில் பாதி நேரம், ‘இந்தக் கேள்விக்குப் பிள்ளை என்ன சொல்லும்’ என்று நாங்களே ஊகித்து எழுதுவதில்தான் போனது. தொடக்கக் கேள்வி இதுதான்: ஒரே அளவு கடலைமிட்டாயில் ஒருத்தி 3/4 சாப்பிட்டாள், இன்னொருத்தி 2/5 சாப்பிட்டாள், யார் அதிகம்?

முதல் பாடத்தை நான் நடத்தினேன். மற்ற மூவரும் ஆளுக்கு இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதையும் எழுதி அழிப்பதையும் அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும், உதவி மட்டும் செய்யக்கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம். எங்களில் ஒருவர் தாங்கமாட்டாமல் “படத்தைச் சரியாப் பாரு கண்ணு” என்று சொல்லிவிட்டார், அந்தப் பிள்ளை உடனே அழித்து வேறு எழுத, அதன் சொந்த யோசனை என்ன என்பது எங்களுக்குக் கிடைக்காமலே போனது. கவனிக்க மிஞ்சியது ஐந்து பேர்.

34 பேரில் 31 பேர் 3/4 என்று சரியாகச் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கடைசி ஐந்து நிமிடம் துண்டுச்சீட்டில் ‘3/4, 5/6 எது பெரியது’ என்று கேட்டதற்கு 19 பேர் ‘இரண்டும் சமம்’ என்று எழுதியிருந்தார்கள். சீட்டு மட்டும் கையில் இருந்திருந்தால், பயிற்சி போதவில்லை, இன்னும் பத்துக் கணக்கு கொடுப்போம் என்றுதான் முடிவு செய்திருப்பேன்.

சாயங்காலம் பேசும்போது ஒரு டீச்சர் தன் குறிப்பை வாசித்தார்: “நாலுல மூணு, மீதி ஒண்ணு. அஞ்சுல ரெண்டு, மீதி மூணு. மீதி கம்மியா இருக்கிறதுதான் பெருசு.” ஐந்து பேரில் நான்கு பேர் இதைத்தான் ஏதோ ஒரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள், துண்டின் அளவைப் பார்க்கவே இல்லை. 3/4, 2/5 ஜோடிக்கு அந்தத் தப்பான வழியிலேயே சரியான விடை வந்துவிடும், 3/4, 5/6 ஜோடியில் இரண்டிலும் மீதி ஒன்று என்பதால் ‘சமம்’ என்று வரும். தப்பு நாங்கள் தேர்ந்தெடுத்த எண்ணில் இருந்தது! பாடம் நால்வருடையது என்று முதலிலேயே பேசி வைத்திருந்ததால் இதை ஒப்புக்கொள்ள யாருக்கும் சங்கடமாக இல்லை.

எட்டு நாள் கழித்து அடுத்த பிரிவில் வேறொரு டீச்சர் நடத்தினார். தொடக்கக் கேள்வியே 3/4, 5/6 தான். கையில் 24 செ.மீ. காகிதப் பட்டை இரண்டு. நாலாக மடித்தால் ஒரு துண்டு 6 செ.மீ., ஆறாக மடித்தால் 4 செ.மீ. முதலில் பாதி வகுப்பு ‘சமம்’ என்றது. பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்று வைத்ததும் ஒரு பையன், “மீதி ஒண்ணுதான் டீச்சர், ஆனா இந்த ஒண்ணு சின்னது” என்றான். டீச்சர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகளின் பழைய யோசனையைத் தூக்கி எறியாமல் அதற்குள்ளேயே திருத்தம் வந்தது எங்களுக்குப் பெரிய விஷயம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆறாகச் சமமாக மடிக்கவே 12 நிமிடம் போய்விட்டது, நீங்கள் செய்தால் கோடு போட்டே கொடுத்துவிடுங்கள். அப்புறம் துண்டுச்சீட்டில் 1/2, 4/6 கேட்டோம். 33 பேரில் 12 பேர், மீதி ஒன்றுதான் என்பதால் 1/2 பெரியது என்று எழுதினார்கள். பட்டையில் வைத்தால் 1/2-க்கு மீதி 12 செ.மீ., 4/6-க்கு 8 செ.மீ. ஒற்றைத் துண்டு மீதியாக இருக்கும்போது புரிந்தது, துண்டுகளின் எண்ணிக்கை மாறியதும் நழுவிவிட்டது. பிரிவும் வேறு, நடத்தியவரும் வேறு என்பதால் இரண்டாவது பாடம் முதலாவதைவிட இவ்வளவு மேல் என்று எங்களால் சொல்ல முடியாது. அடுத்த சுற்றை 1/2, 4/6 ஜோடியிலேயே தொடங்குவது என்று வைத்திருக்கிறோம்.